பெயர் மாறுகிறது; என் கணக்கு என்ன ஆகும்?

2011 செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்கு நிறுவனத்தின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. டிவிடிகளைத் தபாலில் அனுப்பும் சேவையை நெட்ஃபிளிக்ஸிலிருந்து பிரித்து, அதற்கு குவிக்ஸ்டர் என்று புதுப் பெயர் வைக்கப்போவதாக அது சொன்னது. மூன்றே வாரம் கழித்து, அக்டோபர் 10 அன்று, அந்தத் திட்டத்தையே கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. குவிக்ஸ்டர் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. அந்தக் காலாண்டில் மட்டும் அமெரிக்காவில் ஏறக்குறைய எட்டு லட்சம் சந்தாதாரர்கள் குறைந்தார்கள். ஜூலையில் 300 டாலரை ஒட்டியிருந்த பங்கு விலை, ஆண்டு முடிவதற்குள் 80 டாலருக்கும் கீழே போனது.

இந்த இழப்பு முழுவதையும் ஒரு கடிதத்தின் தலையில் கட்டிவிட முடியாது. அதற்கு முன்பே விலை உயர்வு என்ற காயம் இருந்தது. ஆனாலும் பெயர் மாற்றத்தைப் பழைய வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்லக்கூடாது என்பதை அந்தக் கடிதம் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இன்னொரு உதாரணம் கிடைப்பது அரிது. அதை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்தி எழுதிப் பார்த்தால், ஒரு கடைக்கும் பள்ளிக்கும் வங்கிக்கும் பயன்படும் பாடங்கள் கிடைக்கின்றன. கடைசியில், எவ்வளவு திருத்தினாலும் தேறாத ஓர் இடத்திலும் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த இடம்தான் மிக முக்கியம்.

கடிதம் வந்தபோது வாசகர் எந்த மனநிலையில் இருந்தார்?

நெட்ஃபிளிக்ஸ் 1998-இல் டிவிடிகளைத் தபாலில் அனுப்பத் தொடங்கிய நிறுவனம். வேண்டிய படங்களை இணையதளத்தில் வரிசைப்படுத்தி வைத்தால், சிவப்பு உறையில் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். 2007-இல் இணையம் வழியாக நேரடியாகப் படம் பார்க்கும் வசதியும் சேர்ந்தது. 2011 வாக்கில் மாதம் 9.99 டாலர் கட்டினால் இரண்டும் கிடைத்தன: ஒரு நேரத்தில் ஒரு டிவிடி, கூடவே எவ்வளவு வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

அந்த ஜூலை 12 அன்று நிறுவனம் இரண்டையும் தனித்தனித் திட்டமாக்கியது. ஒவ்வொன்றும் 7.99 டாலர். இரண்டும் வேண்டும் என்றால் 15.98. அறுபது சதவீத உயர்வு. பழைய சந்தாதாரர்களுக்கு இது செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஆக, அந்தக் கடிதத்தைத் திறந்தவர்களில் பலர், கூடுதல் கட்டணம் பிடிக்கப்பட்ட கார்டு கணக்கைப் பார்த்த கோபம் ஆறாதவர்கள். பெயர் மாற்ற அறிவிப்பை எழுத உட்காரும் எவரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இதைப் படிப்பவரிடம் நாம் கடைசியாகப் பேசியது எதைப் பற்றி?

கடிதம் என்ன வரிசையில் பேசியது?

முதலில் மன்னிப்பு. விலை உயர்வைச் சொன்ன விதத்தில் பணிவும் மரியாதையும் இல்லை என்று ஹேஸ்டிங்ஸ் ஒப்புக்கொண்டார். அடுத்து தன் அச்சத்தைச் சொன்னார்: ஒரு துறையில் கொடிகட்டிப் பறந்த ஏஓஎல், பார்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் புதிய காலத்துக்கு மாறாமல் போனதுபோல் தாங்களும் ஆகிவிடக்கூடாது என்பது. பிறகு டிவிடியும் இணையமும் இரண்டு வேறு தொழில்கள், செலவு வேறு, விளம்பர முறை வேறு என்ற விளக்கம். அதன்பின் குவிக்ஸ்டர் என்ற பெயர். அதன்பின் வீடியோ கேம்களும் வாடகைக்குக் கிடைக்கும் என்ற செய்தி. இவற்றையெல்லாம் தாண்டி வந்த பிறகே இரண்டு தளங்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்காது என்ற தகவல். விலையில் மாற்றம் இல்லை என்பதும் சிவப்பு உறை தொடரும் என்பதும் பின்பகுதியில்தான் வந்தன.

எழுதியவரின் மனம் ஓடிய வரிசை அது. தலைவர் ஒருவர் பல மாதம் யோசித்து முடிவுக்கு வந்த வழியை, முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை வாசகரையும் நடக்க வைக்கிறார். வாசகருக்கோ அந்த நடையில் அக்கறை இல்லை. நான் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் படங்கள் என்னவாகும், இன்னும் காசு கேட்பார்களா, நான் எதையாவது செய்ய வேண்டுமா என்பதே அவர் தேடுவது. பதில் கிடைக்கும்வரை மற்ற எந்த வரியும் அவருக்குள் இறங்காது. எல்லாப் பதில்களும் கடிதத்தில் இருந்தன என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். ஆனால் அவற்றைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல், மன்னிப்பு. ஒரு தவறுக்கு வருத்தம் தெரிவித்த கையோடு, கேட்காத இன்னொரு மாற்றத்தை அதே தாளில் வைத்தால், அந்த மன்னிப்பு அடுத்த அடிக்கு முன்னோட்டமாகத் தெரியும். விலை உயர்வில் மனம் நொந்தவருக்கு விலை உயர்வைப் பற்றி ஒரு கடிதம் தேவைப்பட்டது. பெயர் மாற்றம் வேறொரு நாளில், வேறொரு கடிதத்தில் வந்திருக்க வேண்டும். நமக்கு ஊறு செய்தவர் அந்த ஊறைப் பற்றி மட்டும் பேசினால்தான் மன்னிப்பு மன்னிப்பாக நிற்கும்.

திருத்தத் தொடங்கும் முன் நான்கு கட்டம்

வாக்கியங்களை மெருகேற்றுவதில் தொடங்கினால் இந்த வேலை தேறாது. முதலில் ஒரு தாளை நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மாறாதவை, மாறுபவை, வாடிக்கையாளர் செய்ய வேண்டியவை, தேதிகள். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர்ச்சொற்கள் மட்டும். 'தரம்', 'அர்ப்பணிப்பு', 'பாரம்பரியம்' போன்றவை மாறாதவை கட்டத்துக்குள் வரக்கூடாது. அவற்றை யாராலும் சரிபார்க்க முடியாது. விலை, கணக்கு எண், தொலைபேசி எண், கடை இருக்கும் தெரு, கல்லாவில் உட்காரும் ஆள், பால் பாக்கெட்டின் அளவு, பாதி கட்டி முடித்த சீட்டுத் தவணை ஆகியவையே உள்ளே வர வேண்டும். வாடிக்கையாளர் தன் கண்ணால் பார்த்து 'ஆமாம், அப்படியேதான் இருக்கிறது' என்று சொல்லக்கூடியவை மட்டுமே அவருக்கு ஆறுதல் தரும்.

அடுத்து, வாசகர்களைப் பிரிக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸுக்கு அப்போது மூன்று வகைச் சந்தாதாரர்கள். டிவிடி மட்டும் வாங்குபவர்கள், இணையத்தில் மட்டும் பார்ப்பவர்கள், இரண்டையும் வைத்திருப்பவர்கள். ஒரே கடிதம் எல்லாருக்கும் போனது. இணையத்தில் மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே மாறவில்லை. ஆனால் அவரும் முழுக் கடிதத்தையும் படித்து, குழம்பி, தன் சந்தாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டியிருந்தது. மாற்றம் யாரைத் தொடவில்லையோ அவருக்குப் போகும் கடிதம் இரண்டு வரியைத் தாண்டக்கூடாது.

முதல் கடிதம்: டிவிடி மட்டும் வாங்குபவருக்கு

இப்போது எழுதிப் பார்க்கலாம். டிவிடி சந்தாதாரருக்கான திருத்திய வடிவம் ஏறக்குறைய இப்படி அமையும்:

"உங்கள் டிவிடி சேவை தொடர்கிறது. விலை மாறவில்லை. நீங்கள் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் படங்களும், படங்களுக்கு நீங்கள் தந்த மதிப்பெண்களும் அப்படியே இருக்கும். டிவிடி அதே சிவப்பு உறையில்தான் வரும்.

இன்னும் சில வாரங்களில் நெட்ஃபிளிக்ஸின் டிவிடி பிரிவுக்கு குவிக்ஸ்டர் என்று பெயர் வைக்கிறோம். அதன்பின் உறையின் மேல் அந்தப் பெயர் இருக்கும். உங்கள் படவரிசையைப் புதிய முகவரியில் உள்ள தளத்தில் பார்ப்பீர்கள். அந்தத் தேதியை முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிப்போம். அதுவரை நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

டிவிடியையும் இணையத்தையும் தனித்தனியாக நடத்தினால் இரண்டையும் நன்றாகக் கவனிக்க முடியும் என்று கருதுவதால் இந்த மாற்றம்."

இங்கே நடந்திருப்பது பெரும்பாலும் இடமாற்றம்தான். புதிய தகவல் எதுவும் சேரவில்லை. கடிதத்தின் வாலில் இருந்தவை தலைக்கு வந்தன, தலையில் இருந்த தொழில் விளக்கம் ஒரே வாக்கியமாகச் சுருங்கி வாலுக்குப் போனது. காரணத்தைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றால், கூடாது. காரணம் சொல்லப்படாத இடத்தை வதந்தி நிரப்பும்: நஷ்டமாம், விற்றுவிட்டார்களாம், முதலாளி மாறிவிட்டாராம். ஆனால் காரணம் கடைசியில் வர வேண்டும். ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். நிறுவனத்துக்கு ஆதாயம் உண்டு என்றால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'எல்லாம் உங்களுக்காகவே' என்ற வரியை இருபது ஆண்டு வாடிக்கையாளர் ஒருவரும் நம்புவதில்லை.

புதிய பெயர் எங்கே வருகிறது என்பதையும் கவனியுங்கள். முதல் பத்தியில் அது இல்லவே இல்லை. இரண்டாம் பத்தியில் வரும்போதும் பழைய பெயரின் கையைப் பிடித்துக்கொண்டே வருகிறது. மின்னஞ்சலின் தலைப்பிலும் அனுப்புநர் இடத்திலும் பழைய பெயர்தான் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத பெயரில் வரும் கடிதத்தை ஒருவர் விளம்பரம் என்று தள்ளிவிடுவார், அல்லது மோசடி என்று அஞ்சுவார்.

இணையத்தில் மட்டும் பார்ப்பவருக்கான கடிதம் இன்னும் எளிது: "உங்கள் சந்தாவில் எந்த மாற்றமும் இல்லை. நெட்ஃபிளிக்ஸின் டிவிடி பிரிவு மட்டும் வேறு பெயருக்கு மாறுகிறது. நீங்கள் அந்தப் பிரிவைப் பயன்படுத்தவில்லை." அவ்வளவே.

மூன்றாவது கடிதம் எழுத வரவில்லை

இரண்டு சேவையும் வைத்திருப்பவருக்கு எழுதும்போதுதான் பேனா நிற்கிறது. மாறாதவை கட்டத்தில் ஒன்று இருக்கிறது: மொத்தக் கட்டணம். அதைத் தாண்டினால் எல்லாம் மாறுபவை கட்டத்தில் போய் விழுகின்றன. இனி இரண்டு தளங்கள். கார்டு கணக்கில் இரண்டு வரிகள். முகவரியோ கார்டோ மாறினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு தளத்தில் தந்த மதிப்பெண் மற்றதில் தெரியாது. ஒரு படம் கிடைக்குமா என்று பார்க்க இரண்டு தளங்களிலும் தேட வேண்டும்.

எப்படி எழுதினாலும் இது இப்படித்தான் வரும்: "உங்கள் கட்டணம் மாறாது. ஆனால் இதுவரை ஒரே இடத்தில் செய்ததை இனி இரண்டு இடத்தில் செய்ய வேண்டும். பதிலுக்கு, கூடுதல் பணம் கொடுத்தால் வீடியோ கேம் வாடகைக்கு எடுக்கலாம்." மென்மையான சொற்களைத் தேடலாம், வரிசையை மாற்றலாம். ஆனாலும் வாடிக்கையாளருக்குக் கூடுதல் வேலை, நிறுவனத்துக்குக் கூடுதல் வசதி என்ற கணக்கு மாறாது. இந்தச் சந்தாதாரர்களோ சாதாரணமானவர்கள் அல்லர். இரண்டையும் வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கட்டுபவர்கள். அறுபது சதவீத உயர்வு விழுந்ததும் இவர்கள் தலையில்தான்.

அக்டோபர் 10 அன்று திட்டத்தைக் கைவிட்டபோது ஹேஸ்டிங்ஸ் சொன்ன காரணமும் இதுவே: இரண்டு தளங்கள் சந்தாதாரர்கள் பலருக்குச் சிரமத்தைக் கூட்டும். இந்த உண்மை செப்டம்பர் கடிதத்திலேயே, ஒரு குறை என்ற ஒப்புதலோடு, பின்பத்தி ஒன்றில் எழுதப்பட்டிருந்தது. அதை முதல் வரியாக எழுதிப் பார்த்திருந்தால், கடிதம் அனுப்பப்படுவதற்கு முன்பே யாராவது ஒருவர் 'இதை எப்படி அனுப்புவது?' என்று கேட்டிருப்பார்.

ஆகவே அறிவிப்பைத் திருத்தி எழுதுவது வெறும் மொழி வேலை இல்லை. முடிவைச் சோதிக்கும் வேலையும் அதுவே. வாடிக்கையாளரைப் பாதிக்கும் விஷயத்தை முதல் வரியில் வைத்து, நாக்கூசாமல் உரக்கப் படிக்க முடிந்தால் அந்த மாற்றம் அறிவிக்கத் தகுந்தது. முடியவில்லை என்றால் திருத்த வேண்டியது கடிதத்தை அல்ல. நெட்ஃபிளிக்ஸ் பின்னாளில் தன் டிவிடி பிரிவுக்கு டிவிடி டாட் காம் என்ற முகவரியைத் தந்தது. ஆனால் அதோடு 'ஒரு நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம்' என்ற அடையாளத்தையும் ஒட்டியே வைத்திருந்தது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. அந்தச் சேவை 2023 செப்டம்பர் வரை ஓடி முடிந்தது.

பெயர் மட்டும் மாறும்போது

நம் நாட்டில் இதற்கு நேர் எதிரான உதாரணம் உண்டு. 1994-இல் தொழில் தொடங்கிய யுடிஐ வங்கி, 2007 ஜூலை 30 அன்று ஆக்சிஸ் வங்கி ஆனது. யுடிஐ என்ற பெயரை அந்த வங்கி மட்டும் தாங்கி நிற்கவில்லை. பரஸ்பர நிதி நிறுவனம் உட்பட வேறு அமைப்புகளும் அதே பெயரில் இருந்தன. தனக்கென்று ஒரு பெயர் வங்கிக்குத் தேவைப்பட்டது.

வங்கியின் பெயர் மாறுகிறது என்றால் சேமிப்பு வைத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அந்த நேரத்தில் வந்த விளம்பரங்களில் இரட்டையர்கள் தோன்றினார்கள். பெயரைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்பதே அவற்றின் செய்தி. புதிய பயணம், புதிய உயரம் என்றெல்லாம் பேசாமல், மாறாததையே விளம்பரத்தின் உயிராக வைத்தார்கள். அது உண்மையாகவும் இருந்ததால் எடுபட்டது. இன்றும் ஆக்சிஸ் வங்கிக் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி எண் UTIB என்ற எழுத்துகளோடுதான் தொடங்குகிறது. வேறொரு வங்கியிலிருந்து அந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பிவந்தவர் பெயர் மாற்றத்துக்காக அந்தக் குறியீட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெயர்ப்பலகை மாறியது, வாடிக்கையாளர் கையில் இருந்த சாவி மாறவில்லை.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 'எதுவும் மாறவில்லை' என்ற வாக்கியம் முழு உண்மையாக இருக்கும்போது மட்டுமே ஆறுதல். ஒரே ஒரு விஷயம் மாறியிருந்து, அதை வாடிக்கையாளர் தானாகக் கண்டுபிடித்தால், அந்தக் கடிதத்தின் மற்ற எல்லா வரிகளும் பொய்யாகிவிடும். காசோலைப் புத்தகம் மாறப்போகிறது என்றால், 'இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் மாறவில்லை' என்று எண்ணிச் சொல்வதே பாதுகாப்பு.

பயம் பணத்தைப் பற்றியதாக இருக்கும்போது

கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியின் கதை வேறு. 2020 நவம்பர் 17 அன்று அந்த வங்கியின் மீது தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. பொதுவாக ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை. பத்து நாளில், நவம்பர் 27 அன்று, அது டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, தடையும் நீங்கியது. மூன்று தலைமுறையாக அந்த வங்கியில் கணக்கு வைத்திருந்த வியாபாரக் குடும்பம் ஒன்று புதிய வங்கியின் செய்தியை எப்படிப் படித்திருக்கும்? சிங்கப்பூரின் பெருமையோ தொழில்நுட்பமோ அதன் கண்ணில் படாது. 'பணம் எடுக்கலாமா?' என்பது ஒன்றே கேள்வி.

டிபிஎஸ் சொன்னதில் இதற்குப் பதில் இருந்தது. எல்லா வங்கிச் சேவைகளும் மீண்டும் கிடைக்கும். சேமிப்புக்கும் வைப்பு நிதிக்கும் லட்சுமி விலாஸ் வங்கி தந்த வட்டியே மறு அறிவிப்பு வரை தொடரும். ஊழியர்களும் அதே நிபந்தனைகளோடு பணியில் தொடர்வார்கள். கடைசி விஷயம் சாதாரணமாகத் தெரியலாம். பல ஊர்களில் வங்கி என்றால் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் அந்த மனிதர்தான். அவர் இருக்கிறார் என்பது, எந்த வாசகத்தையும்விட வலிய உத்தரவாதம்.

ஆனால் அதே ஊரில், அதே வங்கியின் பங்குகளையும் வாங்கி வைத்திருந்த வாடிக்கையாளர் இருந்திருப்பார். இணைப்புத் திட்டத்தின்படி பங்குகளின் மதிப்பு முழுவதுமாக அழிக்கப்பட்டது. வைப்பு நிதி வைத்தவருக்கு நிம்மதி தரும் கடிதத்தை இவருக்கும் அனுப்பினால் அது வெந்த புண்ணில் வேல். நெட்ஃபிளிக்ஸ் விஷயத்தில் மூன்று கடிதம் தேவைப்பட்டதன் காரணம் இங்கே இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இழந்தவரிடம் இழப்பை முதலில் பேச வேண்டும். என்ன போனது, எந்த உத்தரவின்படி போனது, மேற்கொண்டு யாரிடம் கேட்கலாம் என்று நேராகச் சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் ஆறுதல் சொல்லாமல் இருப்பதும் மரியாதைதான்.

அனுப்பும் முன் செய்யும் சோதனை

எழுதி முடித்த அறிவிப்பைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு நிறப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தைப் பற்றிப் பேசும் வாக்கியங்களை ஒரு நிறத்திலும், வாசகரின் கணக்கு, பணம், பழக்கம் பற்றிப் பேசுபவற்றை மற்றொன்றிலும் அடிக்கோடிடுங்கள். முதல் பாதி முழுவதும் முதல் நிறமாக இருந்தால், அது இன்னும் நிறுவனம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட வாழ்த்து மடல்தான். 'பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்' என்ற தொடக்கம் வழக்கமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பழைய பெயரோடு பழகியவருக்கு அந்த நாளில் மகிழ்ச்சி இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு அந்தக் கடையின் மஞ்சள் பையில் சாமான் வந்திருக்கும்; அந்தப் பை இனி கிடைக்காது. அவர் வருந்தினால் அது நியாயம்தான் என்று கடிதம் இடம் விட வேண்டும்.

பிறகு, விவரம் தெரியாத பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம், முடிந்தால் வயதில் மூத்தவரிடம், அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: உங்களுக்கு என்ன மாறுகிறது? எப்போது மாறுகிறது? நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். அதனால் பயன் இல்லை. மூன்றில் ஒன்றுக்குப் பதில் தவறினாலும், எந்த வரி அவரைத் தவறவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இன்றைய காலத்தில் இன்னொரு சோதனையும் தவிர்க்க முடியாதது. பெயர் மாற்றம் என்றாலே மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 'வங்கி பெயர் மாறிவிட்டது, கணக்கைப் புதுப்பிக்க இந்த இணைப்பைத் தொடுங்கள்' என்ற குறுஞ்செய்தி, உண்மையான அறிவிப்பின் முதுகில் ஏறி வரும். ஆகவே அறிவிப்பில் தொட வேண்டிய இணைப்பே இல்லாமல் இருப்பது நல்லது. ஏற்கெனவே வாடிக்கையாளர் கையில் இருக்கும் கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ உள்ள எண்ணை அழைக்கச் சொல்லலாம். 'இந்த மாற்றத்துக்காக உங்களிடம் ஓடிபியோ கடவுச்சொல்லோ கேட்க மாட்டோம்' என்ற ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். நம்பிக்கையைக் காக்க எழுதும் கடிதம், நம்பிக்கையைத் திருட வருபவனுக்கு மாதிரியாக அமைந்துவிடக்கூடாது.

கடைசியாக, வாடிக்கையாளருக்குப் போகும் முன் அது கடை ஊழியரிடம் போக வேண்டும். கடிதம் கிடைத்த மறுநிமிடம் ஒருவர் கிளைக்குப் போய், 'என்னப்பா இது?' என்று கேட்பார். 'எங்களுக்கே பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும் சார்' என்ற பதில் ஒன்று போதும், எவ்வளவு கவனமாக எழுதிய கடிதமும் வீணாகிவிடும். நான்கு கட்டம் போட்ட அந்தத் தாளை அப்படியே ஊழியர்களுக்குக் கொடுத்துவிடலாம். அவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறில்லை. முதல் வாரத்தில் கவுண்டரில் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று அவர்கள் குறித்துத் தந்தால், இரண்டாவது கடிதத்தின் முதல் வரி அதற்கான பதிலாக இருக்கட்டும்.

பெயர் மாற்றுவது நிறுவனத்தின் உரிமை. யாரும் அதைத் தடுக்க முடியாது. ஆனால் பழைய பெயரை நம்பித்தான் ஒருவர் பணம் கட்டினார், நகையை வைத்தார், பிள்ளையைச் சேர்த்தார். அந்த நம்பிக்கை புதிய பெயருக்குத் தானாக மாறிவிடாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பவர் முதலில் கைக்கணக்கைக் காட்ட வேண்டும். உங்களுடையது எது, அது எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் எது மாறும் என்ற கணக்கு. அதை ஒரு பக்கத்துக்குள் நேர்மையாக எழுத முடிகிற நிறுவனம், பெயரை மாற்றத் தயாராகிவிட்டது என்று பொருள். எழுத முடியவில்லை என்றால், அறிவிப்பைத் தள்ளிவைத்துவிட்டு மாற்றத்தை இன்னொரு முறை யோசிப்பதே அதன் பழைய வாடிக்கையாளருக்குச் செய்யும் நியாயம்.